செஞ்சிக்குள் வண்டி ஓட்டியது யார்?

திருவண்ணாமலையில் டாக்சி ஓட்டுகிறவர்களுக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் நாலு காசு பார்க்கும் காலம். ரமணாசிரமத்துக்கு வெளிநாட்டுக்காரர்கள் அதிகமாக வருவது அப்போதுதான். அவர்களைச் சென்னை விமான நிலையத்திலிருந்து கூட்டி வருவதும், திரும்பிப் போகும்போது கொண்டுபோய் விடுவதும் எங்கள் ஸ்டாண்டுக்கு முக்கியமான வருமானம். வெளிநாட்டு விமானங்கள் பலவும் நடுராத்திரிக்குப் பிறகுதான் கிளம்பும். அதனால் சாயங்காலம் இங்கிருந்து புறப்பட்டு, பத்து பதினோரு மணிக்கு ஆளை இறக்கிவிட்டு, காலி வண்டியோடு திரும்புவோம். போக வர 350 கிலோமீட்டருக்கு மேல் ஆகும்.

போகும்போது பயம் இல்லை. பின்னால் ஆள் இருப்பார், விமானத்தைப் பிடிக்க வேண்டும் என்ற நினைப்பு இருக்கும், ஜி.எஸ்.டி. சாலையின் நெரிசலே நம்மைத் தூங்க விடாது. திரும்பி வருவதுதான் ஆபத்து. ஆள் இல்லை, பேச்சு இல்லை, பணமும் கைக்கு வந்துவிட்டது. பரனூர் டோல், ஆத்தூர் டோல் தாண்டித் திண்டிவனத்தில் வலது பக்கம் திரும்பினால் அப்புறம் செஞ்சி, கீழ்பென்னாத்தூர், வீடு. திண்டிவனத்திலிருந்து சுமார் 70 கிலோமீட்டர்தான். அந்தக் கடைசி 70 கிலோமீட்டரில் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

அன்றைக்கு ராத்திரி 2 மணி வாக்கில் திண்டிவனத்தில் டீ குடிக்க நிறுத்தினேன். கடை பெஞ்சின் ஓரத்தில் ஒரு சாமியார் உட்கார்ந்திருந்தார். வெளுத்துப்போன காவி, ஒரு துணி மூட்டை, அலுமினியத் தூக்கு ஒன்று. வலது குதிகாலில் துணி சுற்றியிருந்தது. எங்கள் ஊரில் சாதுக்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவர் ஓர் இடத்தில் தங்குகிறவர் இல்லை என்று தெரிந்தது. கிரிவலப் பாதையில் நிரந்தரமாக இருப்பவர்களிடம் பாய், பாத்திரம், குடை என்று கொஞ்சம் சாமான் சேர்ந்துவிடும். இவரிடம் எதுவும் இல்லை.

நம்பர் பிளேட்டையும் கண்ணாடியில் ஒட்டியிருந்த அண்ணாமலையார் படத்தையும் பார்த்துவிட்டு அவரே கேட்டார்.

"அண்ணாமலைக்குத்தானே தம்பி?"

"ஆமா சாமி. வர்றீங்களா?"

"காசு கிடையாது."

"காலி வண்டிதான் சாமி. ஏறுங்க."

மயிலத்திலிருந்து நடந்து வந்ததாகச் சொன்னார். குதிகால் வெடித்துப் புண்ணாகிவிட்டதால் அதற்கு மேல் நடக்க முடியவில்லையாம். டீ வாங்கிக் கொடுத்தேன், தூக்கில் ஊற்றிக்கொண்டு குடித்தார். பின் சீட்டில் படுத்துக்கொள்ளச் சொன்னேன். "நான் தூங்கி எழுந்தாச்சு" என்று சொல்லி முன்னால் வந்து உட்கார்ந்தார். பொழுது சாய்ந்ததும் எங்கே இருக்கிறாரோ அங்கேயே படுத்துவிடுவாராம், ஒன்றரை இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுமாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் ஏழு மணி நேரம் தூங்கியிருக்கிறார். வீடு வாசலை விட்டவர் தூக்கத்தை விடவில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கிளம்பியதும் திண்டிவனத்தைப் பற்றித்தான் பேச்சு. 1896-ல் ரமணர் சின்னப் பையனாக மதுரையிலிருந்து அண்ணாமலைக்கு ஓடி வந்தபோது திண்டிவனத்துக்குத்தான் ரயில் டிக்கெட் வாங்கினார். விழுப்புரத்திலிருந்து நேராகவே அண்ணாமலைக்கு ரயில் இருக்கிறது என்பது அவருக்கு வழியில்தான் தெரிந்தது. அவர் பார்த்த பழைய வரைபடத்தில் அந்தப் பாதை இல்லை. நான் ஏற்றும் ஆட்களுக்கெல்லாம் சொல்லும் கதை இது. சாமியாருக்கும் சொன்னேன். அவருக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

தீவனூர் பிள்ளையார் கோயில் விளக்கைப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. அப்புறம் அவர் ஏதோ கேட்டுக்கொண்டு வந்தார், நானும் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"தம்பி, செஞ்சிக்குள்ள வண்டி ஓட்டினது யாரு?"

எங்கள் ஊரில் 'யார்' என்று ஒரு சாமியார் கேட்டால் அது வேதாந்தம்தான். 'நான் யார்' என்ற விசாரணைக்காகத்தானே உலகமே அந்த மலைக்கு வருகிறது. வண்டியில் ஏறுகிறவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அந்தப் பேச்சு பழகிவிட்டது. அதனால் யோசிக்காமல், "அண்ணாமலையார்தான் சாமி ஓட்டுறாரு" என்றேன்.

"அதை நான் கேக்கல. நீ செஞ்சியைப் பார்த்தியா?"

"செஞ்சி இன்னும் வரலையே சாமி."

அவர் பேசாமல் முன்னால் கையைக் காட்டினார். ஹெட்லைட் வெளிச்சத்தில் ஒரு கடையின் பெயர்ப் பலகை வந்தது. கடைப் பெயருக்குக் கீழே ஆலம்பூண்டி என்று எழுதியிருந்தது.

இந்தப் பாதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆலம்பூண்டி செஞ்சிக்கு அப்பால் இருக்கிறது. செஞ்சி கவனிக்காமல் தாண்டிவிடக் கூடிய சின்ன ஊரும் இல்லை. கடைத்தெரு உண்டு, திருப்பம் உண்டு, வேகத்தடை உண்டு. ஊர் முடிந்ததும் ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் கோட்டைச் சுவரைப் பிளந்துகொண்டு ரோடு போகும். பகலில் அந்த இடம் வந்தால் பின்னால் இருக்கிறவர்கள் எல்லாரும் போனைத் தூக்கிப் படம் எடுப்பார்கள். இவ்வளவையும் நான் தாண்டியிருக்கிறேன். பிரேக் போட்டிருக்கிறேன், கியர் மாற்றியிருக்கிறேன், ஸ்டியரிங்கைத் திருப்பியிருக்கிறேன். எதுவுமே எனக்குத் தெரியாது.

வண்டியை ஓரம் கட்டினேன். கை நடுங்கியது. சாமியார் அவசரப்படாமல் சொன்னார்.

"நான் பேசிக்கிட்டேதான் வந்தேன். மயிலம் கோயில்ல கூட்டமா இருக்குமான்னு கேட்டேன், ஆமா சாமின்னே. கொஞ்சம் கழிச்சு அதையே கேட்டேன், ஆமா சாமின்னே. மறுபடியும் கேட்டேன், அதே ஆமா சாமி. கண்ணு திறந்துதான் இருந்துச்சு. எதிர்ல வந்த லாரிக்காரன் லைட்டை அடிச்சு அடிச்சுக் காட்டிட்டுப் போனான், நீ டிம் பண்ணல. பட்டுனு தொட்டா எந்தப் பக்கம் திருப்புவியோன்னு ஊர் தாண்டுற வரைக்கும் பார்த்துக்கிட்டே வந்து, நேர் ரோட்டுல கேட்டேன்."

பெட்ரோல் பங்க் ஒன்று வந்ததும் உள்ளே விட்டு நிறுத்தினேன். பத்து நிமிஷம் படுக்கிறேன் சாமி என்று சீட்டைச் சாய்த்தேன். கண்ணைத் திறந்தபோது விடியத் தொடங்கியிருந்தது. அவர் பங்க் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார், என்னை எழுப்பவில்லை.

மீதி வழியில் மனசு கேட்காமல் நானே பேச்சைத் தொடங்கினேன். மாட்டு வண்டியில் படுத்துத் தூங்குகிறவனுக்கு வண்டி ஓடுவதும் தெரியாது, நிற்பதும் தெரியாது, மாட்டை அவிழ்த்துவிட்டதும் தெரியாது. உடம்புக்குள் இருக்கும் ஞானியும் அப்படித்தான் என்று ரமணர் சொல்லியிருக்கிறார் இல்லையா சாமி என்றேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு சமாதானம் தேவைப்பட்டது.

"அது வண்டிக்குள்ள படுத்திருக்கிறவனுக்குச் சொன்னது தம்பி. மாட்டைப் பிடிச்சிருக்கிறவனுக்குச் சொன்னது இல்ல" என்றார். ரமணாசிரமத்தில் சாதுக்களுக்கு தினமும் சாப்பாடு போடுவார்கள். அந்த வாசல் பக்கம் இறங்கி, துணி சுற்றிய காலை ஊன்றி ஊன்றிப் போய்விட்டார்.

அவர் கேட்ட கேள்வியை நான் வேதாந்தத்துக்கு விட்டுவிடவில்லை. செஞ்சிக்குள் ஓட்டியது யார் என்பதற்கு எனக்கு நேரான பதில் வேண்டியிருந்தது. பிறகு ஒருமுறை ஆசிரமத்துக்கு வந்த மருத்துவர் ஒருவரை ஏற்றிப் போனபோது அவரிடம் கேட்டேன். இரண்டு விஷயம் நடந்திருக்கலாம் என்றார். ஒன்று, பழகிய பாதையில் கையும் காலும் தானாக வேலை செய்ய, கவனம் எங்கோ போய்விடுவது. இன்னொன்று, மூளை சில நொடிகள் நிஜமாகவே தூங்கி விழிப்பது. இந்தக் குட்டித் தூக்கம் ஒரு நொடியும் இருக்கலாம், பத்துப் பதினைந்து நொடியும் இருக்கலாம். கண் திறந்திருக்கும்போதே வரும். வந்து போனது தூங்கியவனுக்குத் தெரியாது. முதலாவதில் ஆரம்பித்து இரண்டாவதில் முடிவதும் உண்டு. உள்ளே இருக்கிறவனால் எது எது என்று பிரிக்க முடியாது, அதனால் வழி மறந்து போனால் தூங்கிவிட்டேன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடும். நாலு நொடி மூளை நின்றால் கிட்டத்தட்ட 90 மீட்டர் யாரும் ஓட்டாமல் போகிறது. ஜி.எஸ்.டி. சாலையில் நடுவில் தடுப்பு இருக்கிறது. திண்டிவனம் தாண்டிய பிறகு எதிர் வண்டி நம் கை நீளத்தில் வருகிற இடங்கள் உண்டு.

இதற்குப் பிறகுதான் அந்த நாளைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்று காலை 6 மணிக்கு எழுந்தேன். காலையில் கிரிவலம் சுற்றிக் காட்டும் வேலை, எட்டு லிங்கத்திலும் நிறுத்தி நிறுத்தி 14 கிலோமீட்டர். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வண்டியைக் கழுவினேன். சாயங்காலம் ஆறரைக்கு ஏர்போர்ட் கிளம்பினேன். பத்தே முக்காலுக்கு இறக்கிவிட்டு, சாப்பிட்டு, பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் திரும்பினேன். செஞ்சி வந்தபோது மணி மூன்றை நெருங்கியிருக்கும். ஸ்டியரிங்கில் உட்கார்ந்த நேரத்தை மட்டும் பார்த்தால் அது பெரிய வேலையாகவே தெரியாது. நடுவில் ஓய்வு இருந்தது, சாப்பாடு இருந்தது, டீ இருந்தது. இதை விட அதிகமாக ஓட்டிய நாளெல்லாம் உண்டு.

விழித்திருந்த நேரத்தை எண்ணினால்தான் விஷயம் புரிகிறது. காலை 6 முதல் மறுநாள் விடியற்காலை 3 வரை 21 மணி நேரம். ஆஸ்திரேலியாவில் செய்த ஓர் ஆய்வு 1997-ல் வெளியானது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கண்ணும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம் ஏறியவர் அளவுக்குத்தான் வேலை செய்கின்றன என்று அதில் கண்டார்கள். 24 மணி நேரம் ஆனால் 100 மில்லிகிராமுக்குச் சமம். நம் நாட்டுச் சட்டம் ஓட்டுநருக்கு விட்டுவைத்திருக்கும் எல்லை 30 மில்லிகிராம். காலை 6 மணிக்கு எழுந்தவனுக்கு 17 மணி நேரம் முடிவது ராத்திரி 11 மணிக்கு. அதாவது விமான நிலைய வாசலில் நான் டிக்கியை மூடிய கால் மணி நேரத்திலேயே, குடித்திருந்தால் போலீஸ் வண்டியைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும் நிலைமைக்கு வந்துவிட்டேன். ஊதச் சொல்லிப் பார்க்கிற கருவியில் இது மட்டும் தெரியாது.

இதில் இன்னொன்றும் சேர்கிறது. எவ்வளவு தூங்கியிருந்தாலும் ராத்திரி இரண்டிலிருந்து ஆறு மணிக்குள் உடம்பு தானாகத் தணியும். மத்தியானம் இரண்டிலிருந்து நாலுக்குள் அதே மாதிரி ஒரு சின்ன இறக்கம் உண்டு. சாப்பாடுதான் மத்தியானத் தூக்கத்துக்குக் காரணம் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். சாப்பிடாமல் இருந்தாலும் அந்த நேரத்தில் இறக்கம் வரும், வயிறு நிறையச் சாப்பிட்டால் கூடும். அன்றைக்கு எனக்கு 21 மணி நேர விழிப்பும் விடியற்காலை 3 மணியும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன.

அதனால் இப்போது ராத்திரி டிராப் ஒத்துக்கொள்ளும்போது நான் முதலில் பார்ப்பது திரும்பி வந்து சேரும் நேரத்தை. அந்த நேரத்திலிருந்து பின்னால் எண்ணி, எப்போது தூங்கி எழுந்தால் 17 மணி நேரத்துக்குள் வரும் என்று பார்க்கிறேன். இரண்டு வழிதான் இருக்கிறது. ஒன்று, மத்தியானம் ஒன்றரையிலிருந்து ஐந்து வரை வீட்டில் படுத்து நிஜமாகத் தூங்கிவிட்டுக் கிளம்புவது. உடம்பே இறங்கும் நேரம் என்பதால் தூக்கமும் எளிதாக வரும். அதற்கு மத்தியான சவாரியை விட வேண்டும், வீட்டில் போனை வேறு யாராவது எடுக்க வேண்டும். மற்றொன்று, ஆளை இறக்கிவிட்ட பிறகு அங்கேயே எங்காவது படுத்து, விடிந்த பிறகு திரும்புவது. இரண்டுமே முடியாது என்றால் அந்த டிராப்பை ஸ்டாண்டில் இன்னொருவருக்குக் கொடுத்துவிடுகிறேன்.

காசு போகிறதே என்று கேட்பார்கள். உண்மையில் வெளியூர் சவாரியில் போக வர கிலோமீட்டருக்குப் பணம் வாங்கிவிடுகிறோம், ராத்திரி பேட்டாவும் தனி. காலி வண்டியை 3 மணிக்குக் கொண்டு வந்தாலும் 8 மணிக்குக் கொண்டு வந்தாலும் கிடைப்பது அதே தொகைதான். அவசரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். மறுநாள் காலை ஆறரைக்கு ஒத்துக்கொண்டிருக்கும் சவாரியிலிருந்துதான் வருகிறது. ராத்திரி டிராப் போனால் மறுநாள் மத்தியானம் வரை சவாரி கிடையாது என்று வைத்துக்கொண்டேன். அந்தக் காலை சவாரியை நண்பருக்குக் கொடுப்பேன், அவர் ராத்திரி போகும் நாளில் அவருடையது எனக்கு வரும். சீசன் முழுக்கப் பார்த்தால் பெரிய நஷ்டம் இல்லை. சொந்த வண்டிக்காரனால் இதைச் செய்ய முடிகிறது. முதலாளி வண்டியை ஓட்டும் பையன்கள் நிலைமை கஷ்டம்தான். நாளைக்கு 8 மணி நேரம், 5 மணி நேர வேலைக்குப் பிறகு அரை மணி ஓய்வு என்று மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே சொன்னது. ஆனால் வண்டி வாடகைக்குப் போய்விட்டுத் திரும்பும் காலி ஓட்டத்தை யாரும் வேலை நேரமாக எண்ணிப் பார்ப்பதில்லை.

வழியில் படுப்பதிலும் சில விஷயம் கவனிக்க வேண்டும். ரோட்டோரத்தில் லாரிக்குப் பின்னால் நிறுத்தக் கூடாது, பின்னால் வருகிறவனும் தூக்கத்தில் இருக்கலாம். விளக்கு எரியும் பெட்ரோல் பங்கில் ஆளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓரமாக நிறுத்தினால் பெரும்பாலும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். டோல்கேட்டைத் தாண்டி லாரிகள் நிற்க ஒதுக்கிய இடமும் நல்லது. எஞ்சினை ஓட விட்டு ஏ.சி. போட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்கவே கூடாது. புகைக் குழாயில் எங்காவது கசிவு இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே சேரும், அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிக் கதவுக்கு மாட்டும் கொசு வலை போட்டுக்கொண்டால் போதும். நான் பக்கத்து சீட்டில்தான் படுப்பேன். அங்கே ஸ்டியரிங் இடிக்காது, கால் நீட்ட முடியும்.

முழுத் தூக்கத்துக்கு வழி இல்லாமல் நடுவழியில் கண் அழுத்தினால், டீயோ காபியோ குடித்த உடனே 20 நிமிஷத்துக்கு அலாரம் வைத்துப் படுத்துவிடுகிறேன். பலரும் குடித்துவிட்டு உடனே கிளம்புவார்கள். காபி வேலை செய்ய ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். திண்டிவனத்தில் குடித்த டீ செஞ்சியில் என்னைக் காப்பாற்றவில்லை, அந்தச் சின்னக் கிளாஸ் டீயில் தூக்கத்தைக் கலைக்கும் சத்து குறைவு. குடித்து, தூங்கி, எழும் நேரத்தில் காபி பிடிக்கத் தொடங்கியிருக்கும். அரை மணிக்கு மேல் தூங்கினால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய்விடுவோம், எழுந்ததும் மண்டை மந்தமாக இருக்கும். அப்படி ஆகிவிட்டால் முகம் கழுவிப் பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்துவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும். இந்த 20 நிமிஷத் தூக்கம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குத்தான் தாங்கும். திண்டிவனத்திலிருந்து வீடு வர அது போதும், திருச்சி போகப் போதாது.

கண்ணாடியை இறக்குவது, பாட்டைச் சத்தமாக வைப்பது, கன்னத்தில் அறைந்துகொள்வது எல்லாம் நானும் செய்தவன். சில நிமிஷம் விழிப்பு வந்தது போல இருக்கும், அப்புறம் பழையபடி அழுத்தும். என் அனுபவத்தில் இவற்றைச் செய்யத் தோன்றுவதே நிறுத்த வேண்டிய நேரம் வந்துவிட்டதற்கு அடையாளம். இன்னும் முன்னாலேயே தெரியும் அடையாளங்களும் உண்டு. அடுத்தடுத்து கொட்டாவி, கண் எரிச்சல், வேகம் தானாக எழுபதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் ஏறி இறங்குவது, ஓர வெள்ளைக் கோட்டில் டயர் தடதடத்த பிறகு திருத்துவது. இவற்றை விட நான் நம்புவது ஊர்ப் பெயர்களை. திண்டிவனம் தாண்டியதும் தீவனூர், செஞ்சி, ஆலம்பூண்டி, கீழ்பென்னாத்தூர் என்று ஒவ்வொன்றையும் தாண்டும்போது வாய்விட்டுச் சொல்வேன். ஒன்று விட்டுப்போனால் அடுத்து கிடைக்கும் வெளிச்சத்தில் நிறுத்திவிடுவேன். வீடு பத்து கிலோமீட்டர்தான் என்றாலும் நிறுத்துவேன்.

இவ்வளவு செய்தும் பகலில் கண் சொக்குகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஸ்டாண்டில் ஒருவர் எட்டு மணி நேரம் தூங்கியும் சிக்னலில் அசந்துவிடுவார். வீட்டில் அவர் விடும் குறட்டை நடுவில் நின்று, திணறி, மறுபடி தொடங்கும் என்று அவர் மனைவி சொன்னார். அது தூக்கத்தில் மூச்சுக் குழாய் அடைபடும் நோய், ராத்திரி முழுக்கப் படுத்திருந்தாலும் தூக்கம் சேராது. மருத்துவமனையில் ஓர் இரவு பரிசோதித்து, மூக்கில் மாட்டும் காற்று இயந்திரம் கொடுத்தார்கள். இப்போது அவர் வேறு ஆள். சளிக்கு மருந்துக்கடையில் வாங்கிப் போடும் செட்டிரிசின் மாத்திரையும் சிலரைச் சாய்த்துவிடும். ஓட்டப் போகிறேன் என்று சொல்லி வாங்குங்கள்.

வண்டியில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. அன்றைக்கு அந்தச் சாமியார் செய்ததை யாரும் செய்யலாம். ராத்திரிப் பயணத்தில் ஒருவர் முன் சீட்டில் விழித்திருங்கள். டிரைவர் ஒழுங்காகப் பதில் சொல்கிறார் என்பதால் விழித்திருக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள், 'ஆமா', 'சரி' இரண்டும் தூக்கத்திலும் வரும். யோசித்துச் சொல்ல வேண்டியதைக் கேளுங்கள்: கடைசியாகத் தாண்டிய ஊர் எது, அடுத்தது எது, எத்தனை மணிக்கு எழுந்தீர்கள். எதிர் வண்டிக்கு லைட்டைத் தணிக்காமல் போகிறாரா, கண் சிமிட்டுவது மெதுவாகிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் வளைவிலோ ஊருக்குள்ளோ அவரைத் தட்டாதீர்கள், தூக்கிவாரிப் போட்டு ஸ்டியரிங்கை வெட்டிவிடுவார். நேர் ரோடு வந்ததும் மெதுவாகப் பேசி நிறுத்தச் சொல்லுங்கள். கோயிலுக்குப் போய் லாட்ஜில் அறை எடுக்கும்போது டிரைவர் எங்கே படுப்பார் என்றும் அங்கேயே கேட்டுவிடுங்கள். பல லாட்ஜ்களில் டிரைவருக்கு இடம் இருக்காது. நீங்கள் கிரிவலம் சுற்றி, குளித்து, தூங்கி எழுந்து வரும் வரை அவர் வண்டிக்குள் கொசுவோடு உட்கார்ந்திருப்பார். அப்புறம் உங்களை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புவது அவர்தான். ஒரு கட்டிலுக்கான வாடகையைப் பயணச் செலவில் முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.